விளிம்புச் சேவையகம் அருகில் இருந்தும் தாமதம் குறையாதபோது: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

துவாஸிலிருந்து சாங்கி வரை சிங்கப்பூரின் நீளம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஃபைபருக்குள் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க 5 மைக்ரோவினாடி ஆகிறது. அப்படியானால் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்ப அரை மில்லிவினாடிதான் தேவைப்படும். கேபிள் சுற்றி வளைத்துப் போனாலும் அந்தக் கணக்கு ஒரு மில்லிவினாடியைத் தாண்டுவது அரிது. ஆகவே, கைப்பேசி அலைகளை வாங்கி அனுப்பும் தளநிலையத்துக்கு அருகில் விளிம்புச் சேவையகம் எனப்படும் சர்வரை நிறுவிய பிறகும் விளையாட்டு இழுக்கிறது, அல்லது காணொளிப் பகுப்பாய்வின் எச்சரிக்கை பிந்தி வருகிறது என்று புகார் வந்தால், சர்வரை இன்னும் அருகில் கொண்டு போகலாம் என்ற யோசனையை இந்த ஊரில் முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடலாம். இங்கே தாமதத்தைக் கூட்டுவது தூரம் அன்று. பாக்கெட் எந்த வழியாகப் போகிறது, வழியில் எந்த வரிசையில் காத்து நிற்கிறது என்பவைதான்.

இந்த வழிமுறை ஒரு மெய்யான வேலையிலிருந்து பிறந்தது. துவாஸில் உள்ள ஒரு கட்டுமானத் தளத்தில், கிரேனின் ஆபத்து வட்டத்துக்குள் ஆள் நுழைந்தால் சைரன் ஒலிக்க வேண்டும். ஆறு கேமராக்கள் ஒரு 5ஜி ரவுட்டருடன் இணைக்கப்பட்டிருந்தன. படங்களை ஆராயும் சர்வர், தீவின் மேற்குப் பகுதியில் உள்ள ஒரு தொலைபேசி நிலையத்தில், விளிம்புச் சேவையகமாக வைக்கப்பட்டிருந்தது. சைரனுக்கு வேறொரு சிம். எல்லாம் இயங்கியது, ஆனால் அங்கிருந்த மேற்பார்வையாளர் என்னிடம், “தம்பி, ஆளு கோட்டைத் தாண்டி நாலு எட்டு நடந்த பிறகுதான் சத்தம் வருது” என்றார். அளந்து பார்த்தபோது ஏறத்தாழ மூன்றரை வினாடி தாமதம் இருந்தது. ஒருவர் வினாடிக்கு 1.4 மீட்டர் நடப்பார் என்று கொண்டால், சைரன் ஒலிக்கும்போது அவர் வட்டத்துக்குள் கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் போயிருப்பார். அந்த மூன்றரை வினாடிக்குள் நான்கு வெவ்வேறு பிழைகள் ஒளிந்திருந்தன. அவற்றைப் பிரித்தெடுத்த வரிசையிலேயே கீழே எழுதுகிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன் அளக்க வேண்டியது

சராசரியை மட்டும் பார்ப்பவர்கள் இந்த வேலையில் வழி தவறிவிடுகிறார்கள். மிகக் குறைந்த மதிப்பையும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பாக்கெட்டுகள் எந்த மதிப்புக்குள் வந்து சேர்கின்றன என்பதையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மிகக் குறைந்த மதிப்பு, யாரும் குறுக்கே நிற்காத நேரத்தில் பாதைக்கு எவ்வளவு ஆகிறது என்பதைச் சொல்லும். அதற்கும் மேல்மதிப்புக்கும் உள்ள இடைவெளி, பாக்கெட் எங்கோ வரிசையில் நின்றது என்பதைச் சொல்லும். முதலாவது கெட்டிருந்தால் பாதையைத் திருத்த வேண்டும். இரண்டாவது மட்டும் கெட்டிருந்தால் பாதையைத் தொடவே கூடாது.

அளவை, சிக்கல் உள்ள அதே சிம்மையும் அதே ரவுட்டரையும் பயன்படுத்தி எடுக்க வேண்டும். அலுவலக வைஃபையிலிருந்து அளந்த எண் இதற்கு எந்த வகையிலும் உதவாது. ஒரு நிமிடத்துக்கு 300 பாக்கெட்டுகளை அனுப்பி, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, முதலாவது, நடுவிலுள்ளது, 285-ஆவது ஆகிய மூன்றையும் எடுத்தால் போதும். கீழே உள்ள முகவரி எடுத்துக்காட்டுக்கானது.

```
ping -i 0.2 -c 300 203.0.113.15 | grep -o 'time=[0-9.]*' | cut -d= -f2 | sort -n > rtt.txt
sed -n '1p;150p;285p' rtt.txt
```

இந்த அளவைக் கேமராக்களை நிறுத்தி ஒரு முறையும், அவை அனைத்தும் ஓடும்போது ஒரு முறையும் எடுக்க வேண்டும். 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், நெரிசல் இல்லாத ஒரு 5ஜி செல்லில், அருகிலுள்ள விளிம்புச் சேவையகத்துக்குப் போய்வர 10 மில்லிவினாடியை ஒட்டி ஆகும் என்று எதிர்பார்க்கலாம். அதில் பெரும்பகுதி வானலைக்கே செலவாகிறது. கருவி அனுப்ப வேண்டியது இருக்கிறது என்று முதலில் தெரிவிக்க வேண்டும், தளநிலையம் அனுமதி தர வேண்டும், பிறகு மேல்நோக்கிய நேரத்துண்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் ஓர் ஒழுங்கில் ஐந்து நேரத்துண்டுகளில் ஒன்றுதான் முழுவதும் மேல்நோக்கிய தரவுக்கு உரியது. அந்தச் சுற்று 2.5 மில்லிவினாடிக்கு ஒரு முறை வரும். சர்வரை எங்கே வைத்தாலும் இந்தக் காத்திருப்பு குறையாது.

அறிகுறி: எந்தச் சுமையும் இல்லாதபோதும் மிகக் குறைந்த மதிப்பே உயர்வாக இருக்கிறது

துவாஸில் கேமராக்களை நிறுத்திவிட்டு அளந்தபோது மிகக் குறைந்த மதிப்பு 340 மில்லிவினாடி. தீவுக்குள் எந்தப் பாதையாலும் இந்த எண்ணைத் தர முடியாது. அதாவது பாக்கெட் சிங்கப்பூரை விட்டு வெளியே போய்த் திரும்பியிருக்கிறது. இந்த ஒரு முடிவுக்கு வர எந்தச் சிறப்புக் கருவியும் தேவையில்லை. மேலே சொன்ன கணக்கு போதும்.

காரணம் சிம். ரவுட்டரை விற்றவர், உலகம் முழுவதும் இயங்கும் என்று சொல்லி ஒரு பன்னாட்டு சிம்மைச் சேர்த்தே கொடுத்திருந்தார். அப்படிப்பட்ட சிம் இங்குள்ள தளநிலையத்துடன் இணைந்தாலும், ரோமிங் ஏற்பாட்டின்படி அதன் தரவு முதலில் தாய்நாட்டு வலையமைப்புக்குப் போய், அங்கிருந்துதான் இணையத்துக்கு வெளியேறும். எங்கள் சிம்மின் தாய்நாடு ஐரோப்பாவில் இருந்தது. ஒரு பிங் அங்கே போய், அங்கிருந்து சிங்கப்பூரில் உள்ள சர்வருக்கு வந்து, பதில் மறுபடியும் ஐரோப்பா போய், கடைசியில் துவாஸுக்குத் திரும்பியது. ஒரு வழிக்கு 10,000 கிலோமீட்டருக்கு மேல் என்று வைத்தால் நான்கு கடப்புகளுக்கு ஒளிக்கே 200 மில்லிவினாடிக்குக் குறையாமல் ஆகும். கேபிள்களின் வளைவையும் இடையில் உள்ள கருவிகளையும் கூட்டினால் 340 வியப்பானதன்று. சர்வரும் கேமராவும் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தும், அவற்றுக்கு இடையே நாற்பதாயிரம் கிலோமீட்டர் பாதை ஓடிக்கொண்டிருந்தது.

இதை உறுதிசெய்வது எளிது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் சிம்மின் ஐஎம்எஸ்ஐ எண் தெரியும். அது 525 என்று தொடங்கினால் சிங்கப்பூர்ச் சிம். வேறு எண்ணில் தொடங்கினால் ரோமிங். உள்ளூர் சிம்மைப் போட்ட பிறகு எங்கள் மிகக் குறைந்த மதிப்பு 11 மில்லிவினாடியாக இறங்கியது.

உள்ளூர் சிம் இருந்தும் மதிப்பு உயர்வாகவே இருந்தால், அடுத்து ஐயப்பட வேண்டியது தரவு வெளியேறும் வாயில். 5ஜி மைய வலையமைப்பில் இதற்கு யுபிஎஃப் என்று பெயர். தளநிலையத்துக்கு அருகில் சர்வரை வைத்தால் மட்டும் போதாது. பாக்கெட் அந்தச் சர்வருக்கு அருகிலேயே வெளியேற ஒரு உள்ளூர் யுபிஎஃப் வேண்டும், அதை அந்தக் கருவிக்கு ஒதுக்கவும் வேண்டும். பொதுவான ஏற்பாட்டில், பாதையின் நடுவே ஒரு பிரிப்பான் செருகப்படுகிறது. அது ஒவ்வொரு பாக்கெட்டின் சேருமிட முகவரியையும் பார்க்கிறது. பட்டியலில் உள்ள முகவரியாக இருந்தால் உள்ளூர் வாயில் வழியாகவும், இல்லாவிட்டால் மைய வாயில் வழியாகவும் அனுப்பிவிடுகிறது.

இந்தப் பிழை நீண்ட நாள் கண்ணில் படாமல் இருப்பதற்கு அந்தப் பிரிப்பானின் இயல்பே காரணம். புதிய சர்வர் ஒன்றைச் சேர்த்துவிட்டு அதன் முகவரியைத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் விதிப்பட்டியலில் சேர்க்க மறந்தால், எந்தப் பிழைச் செய்தியும் வராது. பாக்கெட் மைய வாயில் வழியாக இணையத்துக்குப் போய், வெளியிலிருந்து சுற்றிக்கொண்டு அதே சர்வரை அடையும். எல்லாம் வேலை செய்யும். மெதுவாக மட்டும் செய்யும். இதைக் கண்டுபிடிக்கச் சர்வரிலேயே பார்க்க வேண்டும். கீழே 7777 உள்ள இடத்தில் உங்கள் சேவை பயன்படுத்தும் போர்ட் எண்ணை இடுங்கள்.

```
sudo tcpdump -ni eth0 udp port 7777
```

வரும் பாக்கெட்டின் அனுப்புநர் முகவரியும், கருவியின் அமைப்புப் பக்கத்தில் தெரியும் உள் முகவரியும் ஒன்றாக இருந்தால், அது உள்ளூர் வாயில் வழியாக நேரடியாக வந்திருக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு பொது முகவரி தெரிந்தால், பெரும்பாலும் மைய வாயிலில் முகவரி மாற்றப்பட்டு இணையம் வழியாக வந்திருக்கிறது. உள்ளூர் வாயிலிலேயே முகவரியை மாற்றும் அமைப்புகளும் உண்டு. எனவே முடிவு கட்டுவதற்கு முன் அந்த முகவரி எந்த வாயிலுக்கு உரியது என்பதைத் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்களிடம் பேசும்போது “தாமதமாக இருக்கிறது” என்று சொன்னால் புகார் வாடிக்கையாளர் சேவையிலேயே நின்றுவிடும். கருவியின் முகவரி, சர்வரின் முகவரி, சர்வரில் தெரிந்த அனுப்புநர் முகவரி, நேரம் ஆகிய நான்கையும் எழுதிக் கொடுத்தால் மைய வலையமைப்பைக் கவனிக்கும் பொறியாளரிடம் அது நேரே போகும்.

கருவியில் 5ஜி என்று காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். 4ஜி மையத்தின் மேல் இயங்கும் 5ஜியும் அதே அடையாளத்தைத்தான் காட்டும். மேலே விளக்கிய பிரிப்பான் தனித்தியங்கும் 5ஜி மையத்தின் வசதி. சிங்கப்பூரில் 2020-இல் 3.5 கிகாஹெர்ட்ஸ் உரிமம் வழங்கப்பட்டபோதே தனித்தியங்கும் வலையமைப்பு அமைக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டதால் இங்கே அது பரவலாகக் கிடைக்கிறது. ஆனாலும் பழைய சிம், பழைய ரவுட்டர் மென்பொருள், அதற்கு உரிமை தராத சந்தா ஆகியவற்றால் ஒரு கருவி அதற்கு வெளியே நின்றுவிடக்கூடும்.

அறிகுறி: ஒரே இடத்தில் சில கைப்பேசிகளுக்கு வேகம், சிலவற்றுக்கு இழுவை

இது கேமராத் தளத்தில் வரவில்லை. விளையாட்டு உருவாக்கும் நண்பர் ஒருவரின் சோதனையில் வந்தது. ஒரே மேசையில், ஒரே நிறுவனத்தின் சிம்களுடன் இருந்த கைப்பேசிகளில் சில 12 மில்லிவினாடியும் சில 48 மில்லிவினாடியும் காட்டின. வானலையோ வாயிலோ காரணமாக இருந்தால் எல்லாக் கைப்பேசிகளும் சேர்ந்தே கெட்டிருக்க வேண்டும். கைப்பேசிக்குக் கைப்பேசி எளிதில் மாறக்கூடியது பெயர்த் தேடல்தான்.

விளையாட்டு, சர்வரைப் பெயரால் அழைக்கிறது. அந்தப் பெயருக்கு விளிம்புச் சேவையகத்தின் முகவரியைத் தருவது தொலைத்தொடர்பு நிறுவனத்தின் டிஎன்எஸ் மட்டுமே. கைப்பேசி எந்தப் பகுதியில் இருக்கிறது என்பது அதற்குத்தான் தெரியும். ஆண்டிராய்டில் தனியுரிமை டிஎன்எஸ் என்ற அமைப்பில் வேறொரு சேவையின் பெயரைப் போட்டவர்களுக்கும், விபிஎன் வைத்திருந்தவர்களுக்கும் கேள்வி வெளியே உள்ள டிஎன்எஸ்ஸுக்குப் போய்விட்டது. அது தந்த பதில், ஹாங்காங்கில் இருந்த மாற்றுச் சர்வர். ஹாங்காங் 2,600 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. போய்வர ஒளிக்கே 26 மில்லிவினாடி. எஞ்சிய வேறுபாட்டைக் கேபிளின் வளைவும் இடைக்கருவிகளும் விளக்கிவிடுகின்றன.

```
dig +short game.example.sg
dig +short game.example.sg @8.8.8.8
```

கைப்பேசியைப் பகிர்தளமாக வைத்து மடிக்கணினியிலிருந்து இவற்றை ஓட்டலாம். முதலாவது விளிம்பின் முகவரியையும் இரண்டாவது வேறொன்றையும் தந்தால், வெளி டிஎன்எஸ்ஸைப் பயன்படுத்தும் எவரும் விளிம்பை அடையமாட்டார் என்று பொருள். பயனரிடம் அமைப்பை மாற்றச் சொல்வது நீடிக்கும் தீர்வன்று. நண்பர் செய்தது இதைவிட நல்லது: விளையாட்டு தொடங்கும்போது தனக்குத் தெரிந்த மூன்று சர்வர்களின் முகவரிகளுக்கும் தலா பத்துச் சிறு பாக்கெட்டுகளை அனுப்பி, மிகக் குறைந்த மதிப்பைத் தந்த சர்வரை எடுத்துக்கொள்ளும். பெயர்த் தேடல் என்ன சொன்னாலும் அளவு பொய் சொல்லாது.

அறிகுறி: குறைந்த மதிப்பு நன்றாக இருக்கிறது, சுமை வந்ததும் ஏறுகிறது

உள்ளூர் சிம்முக்கு மாறிய பிறகு, ஆறு கேமராக்களையும் ஓடவிட்டு மீண்டும் அளந்தோம். மிகக் குறைந்த மதிப்பு 11 மில்லிவினாடியாகவே இருந்தது. 285-ஆவது மதிப்பு 100-ஐத் தாண்டியது. பாதை சரி, ஆனால் ஓர் இடத்தில் வரிசை சேர்கிறது.

முதலில் திறனைத்தான் எல்லாரும் ஐயப்படுவார்கள். ஒவ்வொரு கேமராவும் வினாடிக்கு 4 மெகாபிட், ஆறுக்கும் 24 மெகாபிட். அந்த இடத்தில் மேல்நோக்கி 60 மெகாபிட் கிடைத்தது. நாற்பது விழுக்காடுதான் பயன்பாடு. சராசரியில் நெரிசலே இல்லை. ஆனால் பிங் மதிப்புகளை வந்த வரிசையிலேயே வரைந்து பார்த்தபோது, இரண்டு வினாடிக்கு ஒரு முறை ஒரு கூர்முனை எழுந்து, சரிந்து, மறைந்தது. அந்த இரண்டு வினாடிதான் தடயம்.

கேமரா ஒவ்வொரு காட்சியையும் முழுமையாக அனுப்புவதில்லை. இரண்டு வினாடிக்கு ஒரு முழுப் படத்தை அனுப்பிவிட்டு, இடையில் மாறிய பகுதிகளை மட்டும் அனுப்புகிறது. எங்கள் கேமராக்களில் ஒரு முழுப் படம் ஏறத்தாழ 200 கிலோபைட், அதாவது 1.6 மெகாபிட். 60 மெகாபிட் வேகத்தில் அது வெளியேற 27 மில்லிவினாடி ஆகும், அது தாங்கக்கூடியது. ஆனால் ஆறு கேமராக்களும் ஒரே மின்விசையில் இயக்கப்பட்டதால் ஒரே நொடியில் தொடங்கியிருந்தன. ஆறு முழுப் படங்களும் ஒன்றாக வந்து ரவுட்டரில் சேர்ந்தன. 9.6 மெகாபிட்டை 60 மெகாபிட் வேகத்தில் அனுப்ப 160 மில்லிவினாடி வேண்டும். அந்த நேரத்தில் வரிசையின் கடைசியில் நின்ற எந்தப் பாக்கெட்டும் அவ்வளவு நேரம் காத்திருந்தது.

கேமராக்களை அரை வினாடிக்கும் குறைந்த இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகத் தொடங்கியதும் கூர்முனை ஆறாகப் பிரிந்து சிறுத்துப் போனது. இது நோயைக் காட்டிக் கொடுத்த சோதனை மட்டுமே. ஒவ்வொரு கேமராவின் கடிகாரமும் சற்றே மாறி ஓடுவதால், சில நாள்களில் அவை மீண்டும் ஒன்றுசேரக்கூடும். நிலையான தீர்வுக்குக் கேமராவின் குறியாக்க அமைப்பில் மாறும் பிட்வீதத்தை நிலையான பிட்வீதமாக்கி, காட்சி அளவை 1080-இலிருந்து 720-க்குக் குறைத்தோம். ஆட்களைக் கண்டறியும் பல மாதிரிகள் உள்ளீட்டை 640 பிக்சலுக்குச் சுருக்கியே பார்க்கின்றன. கேமரா அருகில் உள்ள தளத்தில், சர்வர் எப்படியும் தூக்கி எறியப்போகும் பிக்சல்களை வானலையில் ஏற்றி அனுப்பத் தேவையில்லை. தொலைவில் சிறிதாகத் தெரியும் ஆளையும் பிடிக்க வேண்டிய இடத்தில் இதைச் செய்யக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாற்றத்துக்குப் பின் 285-ஆவது மதிப்பு 30-க்குக் கீழே நின்றது.

கூர்முனை ஒழுங்கான இடைவெளியில் இல்லாமல், மாலை நேரத்தில் மட்டும் வந்தால் காரணம் உங்கள் கேமரா அன்று, அதே செல்லைப் பகிரும் மற்றவர்கள். அப்போது கேமரா அமைப்பில் நேரத்தை வீணாக்காமல், உங்கள் தரவுக்கு முன்னுரிமை தரும் வலையமைப்புப் பங்கை நிறுவனத்திடம் கேட்பதே வழி.

அறிகுறி: வலையமைப்பு சுத்தமாக இருக்கிறது, முடிவு மட்டும் வினாடிக்கணக்கில் பிந்துகிறது

இத்தனைக்குப் பிறகும் சைரன் மூன்று வினாடி பிந்தியது. இங்கேதான் பலர் மீண்டும் தொலைத்தொடர்பு நிறுவனத்தை அழைக்கிறார்கள். பிங் 11-இலிருந்து 30-க்குள் நிற்கும்போது மூன்று வினாடிக்கு வலையமைப்பைக் குறை சொல்ல இடமில்லை.

கடிகாரங்களை ஒத்திசைக்காமலேயே இதை அளக்க ஒரு வழி உண்டு. மில்லிவினாடி காட்டும் ஒரு நிறுத்தக் கடிகாரத்தை மடிக்கணினியில் ஓடவிட்டு, கேமராவை அதன்மேல் திருப்பி, சர்வர் பகுத்துத் தரும் படத்தையும் அதே திரையில் பக்கத்தில் காட்டுங்கள். கைப்பேசியால் அந்தத் திரையை ஒரு படம் எடுத்தால், இரண்டு கடிகாரங்களும் காட்டும் எண்களின் வேறுபாடே முழுத் தாமதம். எங்களுக்கு அது 2.4 வினாடி.

அதில் இரண்டு வினாடிக்குக் காரணம் ஒரே ஓர் இயல்பு மதிப்பு. காணொளியை வாங்க ஜிஸ்ட்ரீமர் என்ற மென்பொருளைப் பயன்படுத்தியிருந்தோம். அதில் `rtspsrc` உறுப்பின் `latency` மதிப்பு, யாரும் மாற்றாவிட்டால் 2000 மில்லிவினாடி. பாக்கெட்டுகள் ஒழுங்கின்றி வந்தால் சரிசெய்ய அது இடம் விடுகிறது. முடிவில் உள்ள உறுப்பு நேரத்துடன் ஒத்திசைத்துக் காட்சியை வெளியிடும்போது அந்த இரண்டு வினாடியும் முழுத் தாமதமாக மாறுகிறது. படத்தை மனிதர் பார்க்கும் இடத்தில் இது நியாயமான ஏற்பாடு. இயந்திரம் பார்க்கும் இடத்தில் ஒத்திசைவே தேவையில்லை.

```
gst-launch-1.0 rtspsrc location=rtsp://10.20.1.31/main latency=100 \
  ! rtph264depay ! h264parse ! avdec_h264 ! fakesink sync=false
```

உங்கள் நிரல் `appsink` வழியாகப் படங்களை எடுத்தால் அங்கும் `sync=false` என்று தனியாகச் சொல்ல வேண்டும்; அதன் இயல்பு மதிப்பு ஒத்திசைப்பதே.

எஞ்சிய 400 மில்லிவினாடியில் பெரும்பங்கு, படங்களைத் தொகுப்பாகச் சேர்த்து ஜிபியுவுக்குத் தரும் முறையில் இருந்தது. எட்டுப் படங்கள் சேர்ந்தால்தான் ஆராயத் தொடங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு கேமராவிலிருந்தும் வினாடிக்கு ஐந்து படங்கள் எடுக்கப்பட்டன, ஆறுக்கும் முப்பது. முதல் படம் வந்த பிறகு மற்ற ஏழும் வந்து சேர 233 மில்லிவினாடி ஆகும். முதலில் வந்த படம் அத்தனை நேரமும் சும்மா நின்றது. எண்பது கேமராக்கள் உள்ள இடத்தில் எட்டின் தொகுப்பு கண் இமைப்பதற்குள் நிரம்பிவிடும், ஜிபியுவும் சிக்கனமாக ஓடும். ஆறு கேமராக்களுக்கு அது பொருந்தாது. தொகுப்பை ஒன்றாக்கி, படங்களை வினாடிக்குப் பத்தாக உயர்த்தினோம்.

அறிகுறி: நெடுநேரம் அமைதியாக இருந்த பின் வரும் முதல் செய்தி மட்டும் பிந்துகிறது

சர்வர் இப்போது உடனே முடிவைத் தந்தது. ஆனால் சைரன் சில வேளை உடனே ஒலித்தது, சில வேளை ஒரு வினாடிக்கு மேல் பிந்தியது. தொடர்ந்து இரண்டு எச்சரிக்கைகள் வந்தால் இரண்டாவது எப்போதும் வேகமாக இருந்தது. முதலாவது மட்டும் பிந்தும் இந்த ஒழுங்கு, கருவி உறங்கிக்கொண்டிருந்தது என்பதற்கான அடையாளம்.

சில வினாடிகள் தரவு இல்லாவிட்டால் தளநிலையம் கருவியின் இணைப்பை விடுவித்துவிடும். அதன் பிறகு கருவி, தன்னை யாரேனும் அழைக்கிறார்களா என்று குறித்த இடைவெளியில் மட்டும் விழித்துக் கேட்கும், 1.28 வினாடி என்பது பரவலாக உள்ள ஓர் இடைவெளி. எச்சரிக்கை அந்த விழிப்புக்குக் காத்திருந்து, பிறகு இணைப்பு உருவாகும்வரை இன்னும் சற்றுக் காத்திருக்கிறது. 15 வினாடிக்கு ஒரு பிங் அனுப்பி ஐந்து நிமிடம் பார்த்தால் இது வெட்டவெளிச்சமாகும்; 0.2 வினாடி இடைவெளியில் அனுப்பும் பிங் கருவியை உறங்கவே விடாது என்பதால் அது இதை ஒருபோதும் காட்டாது.

```
ping -i 15 -c 20 10.20.2.40
```

சைரனுக்கு நேரடி மின்சாரம் இருந்ததால், சர்வர் அதற்கு இரண்டு வினாடிக்கு ஒரு முறை சிறு பாக்கெட் ஒன்றை அனுப்பி விழித்திருக்கச் செய்தோம். மின்கலத்தில் ஓடும் கருவிக்கு இந்த வழி ஒத்துவராது. அங்கே உறக்க இடைவெளியைக் குறைக்கும் ஏற்பாட்டை நிறுவனத்துடன் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். விழித்திருக்கச் செய்யும் பாக்கெட்டால் இன்னொரு பயனும் கிடைத்தது: சைரன் இணைப்பை இழந்தால் சர்வருக்கு இரண்டு வினாடிக்குள் தெரிந்துவிடுகிறது. உயிர் சார்ந்த எச்சரிக்கைக்கு இதை நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

அறிகுறி: நகரும்போது தாமதம் ஏறி, நின்ற பின்னும் இறங்கவில்லை

பேருந்திலோ எம்ஆர்டியிலோ விளையாடுபவர்களிடமிருந்து இந்தப் புகார் வரும். செல் மாறும் நேரத்தில் சில பத்து மில்லிவினாடி தடங்கல் இயல்பானது. அது உடனே மறைந்துவிடும். மறையாமல் ஒரு படி ஏறி அப்படியே நின்றால், கைப்பேசியை விமானநிலைக்கு மாற்றித் திரும்பவும் இணைத்துப் பாருங்கள். இணைத்ததும் இறங்கினால், கைப்பேசி 4ஜிக்கு விழுந்து அங்கேயே தங்கியிருந்திருக்கலாம், அல்லது புதிய பகுதிக்குள் நுழைந்தபோது உள்ளூர் வாயில் பிரிப்பானிலிருந்து நீக்கப்பட்டிருக்கலாம். எந்தத் தளநிலையங்கள் அந்த உள்ளூர் யுபிஎஃபின் சேவைப் பகுதியில் சேர்க்கப்பட்டுள்ளன என்ற பட்டியலை நிறுவனத்திடம் கேட்டு, இழுவை தொடங்கிய இடங்களுடன் ஒப்பிட வேண்டும்.

கைப்பேசி நகர நகர விளையாட்டை ஒரு விளிம்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே போகும் ஏற்பாட்டைச் சிலர் இங்கே பரிந்துரைக்கிறார்கள். பெரிய நாடுகளில் அதற்குத் தேவை இருக்கலாம். சிங்கப்பூரில் உட்லண்ட்ஸிலிருந்து துவாஸுக்குப் போனவருக்குப் பழைய சர்வரிலேயே தொடர்வதால் ஆகும் கூடுதல் செலவு ஒரு மில்லிவினாடிக்கும் குறைவு. மாற்றினாலோ முகவரி மாறி, ஆட்டத்தின் நிலையைப் பெயர்த்து, நடுவே ஒரு தடங்கலை உண்டாக்கும் அபாயம் இருக்கிறது. ஆட்டம் முடியும்வரை ஒரே சர்வரில் வைத்திருப்பதே இந்தத் தீவுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

துவாஸில் கடைசியாக எடுத்த அளவில், ஆள் கோட்டைத் தொட்டதிலிருந்து சைரன் ஒலிக்கும்வரை சுமார் 300 மில்லிவினாடி ஆனது. அதில் பெரும்பங்கு கேமரா படமெடுத்துக் குறியாக்குவதற்கும், அடுத்த படம் எடுக்கப்படும்வரை காத்திருப்பதற்கும் போகிறது. இருவழியிலும் சேர்த்து வலையமைப்பின் பங்கு 40 மில்லிவினாடிக்குள் அடங்கிவிட்டது. மேற்பார்வையாளர் தாமே கோட்டின்மேல் நடந்து பார்த்தார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே இருக்கும்போதே சைரன் ஒலித்தது.